அரிசியைக் கழுவினால் மட்டும் ஆர்சனிக் போய்விடாது: ஜேர்மனியில் சோறு சமைப்பவர்களுக்கு ஒரு கணக்கு

"அரிசியிலை நஞ்சு இருக்காம், இனிச் சோறு சாப்பிடக் கூடாதாம்" என்று ஒரு தகவல் சில மாதங்களுக்கு ஒருமுறை எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வரும். உடனே இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வரும். "இதெல்லாம் வெள்ளைக்காரன் தன்ர பாணை விக்கச் சொல்லுற கதை, எங்கட அப்பு ஆச்சி தொண்ணூறு வயசு மட்டும் சோறு சாப்பிட்டவை" என்பது ஒன்று. "நான் ஏழு தண்ணியிலை கழுவித்தான் உலையிலை போடுறனான், ஒரு பிரச்சினையும் இல்லை" என்பது மற்றது. அத்தோடு கதை முடிந்துவிடும். அடுத்த முறை அதே தகவல் வரும்போது அதே இரண்டு பதில்களும் திரும்ப வரும்.

உணவு ஆய்வுகூடமொன்றில் பல வருடங்கள் வேலை செய்தவன் என்ற முறையில், இந்த இரண்டு பதில்களும் போதாது என்றே நான் நினைக்கிறேன். அரிசியில் ஆர்சனிக் இருப்பது உண்மை. அதற்காகச் சோற்றை விட்டுவிட வேண்டும் என்பது உண்மையல்ல. ஆனால் கழுவினால் போய்விடும் என்பதும் உண்மையல்ல. எது எவ்வளவு குறைக்கும் என்று ஏற்கெனவே அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அளவுகளை எங்கள் அடுப்படிக்குக் கொண்டுவந்து பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

அரிசிக்குள் அது எப்படி வருகிறது?

ஆர்சனிக் மண்ணில் இயற்கையாகவே இருப்பது. பெரும்பாலும் மண்ணிலுள்ள இரும்புத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். கோதுமை வயலில் மண் காற்றோட்டமாக இருப்பதால் அது பெரும்பாலும் அப்படியே கிடந்துவிடுகிறது. நெல் வயல் வேறு மாதிரி. வாரக்கணக்கில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் ஒட்சிசன் இல்லாமல் போகிறது. அப்போது இரும்பு கரைய, அதோடு ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் தண்ணீருக்குள் விடுபடுகிறது. நெற்பயிர் தன் தண்டை உறுதியாக்கச் சிலிக்கனை நிறைய உறிஞ்சும் பயிர். விடுபட்ட ஆர்சனிக், சிலிக்கன் போகும் அதே வழியால் வேருக்குள் புகுந்துவிடுகிறது. விவசாயி நஞ்சு அடித்ததால்தான் வருகிறது என்றில்லை. இயற்கை முறையில் விளைந்த அரிசியிலும் அது இருக்கும்.

ஆர்சனிக்கில் இரண்டு வகை உண்டு. மீனில் அதிகமாக இருப்பது சேதன வகை, அது பெரிதாகக் கெடுதல் செய்யாதது. அரிசியில் கவலைக்குரியது அசேதன ஆர்சனிக். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. இது சாப்பிட்டவுடன் வயிற்றைப் பிரட்டும் விஷயம் அல்ல. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. பல பத்து வருடங்களாகச் சிறிது சிறிதாக உள்ளே போவதால் வரும் பாதிப்பு. ஆகவே "ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லையே" என்று அக்கம்பக்கம் பார்த்து முடிவு செய்ய முடியாது.

தானியத்தின் உள்ளே இது ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. வெளித் தவிட்டில்தான் அதிகம். ஆகவே தீட்டாத அரிசியில் தீட்டிய அரிசியை விடக் கூடுதலாக இருக்கும். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்துக்கள் உள்ளே இறங்குவதால்தான் புழுங்கல் அரிசி நல்லது என்கிறோம். சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

ஐரோப்பிய ஒன்றியம் அரிசியிலுள்ள அசேதன ஆர்சனிக்குக்கு முதன்முறையாக உச்ச அளவு வைத்தது 2016 ஜனவரியில். 2023இல் அதை இறுக்கியது. இன்று தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் ஒரு கிலோவுக்கு 150 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். புழுங்கல் அரிசிக்கும் தீட்டாத அரிசிக்கும் 250. அரிசி மாவுக்கும் 250. பிள்ளைகள் கையில் வைத்துக் கடிக்கும் ரைஸ்வாஃபெல் எனப்படும் பொரியரிசி வட்டுக்கு 300. குழந்தை உணவு செய்யப் பயன்படுத்தும் அரிசிக்கு 100 மட்டும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. பெரும்பாலான அரிசி இந்த அளவுகளுக்குக் கீழேதான் இருக்கிறது. மாநிலங்களின் ஆய்வுகூடங்கள் கடைகளில் மாதிரி எடுத்துப் பார்க்கின்றன. மீறினால் பொருளைத் திரும்பப் பெறுகிறார்கள், அந்த அறிவிப்பை lebensmittelwarnung.de தளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சட்டம் அளப்பது ஒரு கிலோ அரிசியை. ஒருவருடைய கோப்பையில் எவ்வளவு சோறு விழுகிறது என்பதை அது அளப்பதில்லை. கிழமையில் ஒருநாள் மட்டும் அரிசி சாப்பிட்டு மற்ற நாட்களில் உருளைக்கிழங்கும் பாணும் சாப்பிடுகிற ஜேர்மன் வீட்டுக்கும், காலையில் புட்டு, மத்தியானம் சோறு, இரவில் இடியப்பம் என்று போகிற எங்கள் வீட்டுக்கும் அதே 150தான்.

இது நான் கற்பனை செய்யும் வேறுபாடு அல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2009இல் வெளியிட்ட மதிப்பீட்டிலேயே இது இருக்கிறது. ஐரோப்பாவில் சராசரி மனிதருக்கு உணவால் கிடைக்கும் அசேதன ஆர்சனிக், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.13 முதல் 0.56 மைக்ரோகிராம் வரை. அரிசி அதிகம் உண்ணும் சில இனக்குழுக்களுக்கு அது சுமார் 1 மைக்ரோகிராம் என்று அதே அறிக்கை சொன்னது. அந்த இனக்குழுக்களில் நாங்களும் அடக்கம் என்பதை ஒருவரும் எங்களுக்குத் தமிழில் வந்து சொல்லவில்லை. அந்த அறிக்கை இன்னொன்றும் சொன்னது: மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைப்பது, நிறையோடு ஒப்பிட்டால், பெரியவர்களுக்குக் கிடைப்பதை விட இரண்டு மூன்று மடங்கு.

அதே அதிகார சபை 2024 ஜனவரியில் புதிய மதிப்பீட்டை வெளியிட்டது. அதில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு அளவு தரப்பட்டது: உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.06 மைக்ரோகிராம். இதைத் தாண்டினால் நோய் வரும், தாண்டாவிட்டால் வராது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாழ்நாள் முழுக்க இந்த அளவில் உட்கொண்டால் ஒருவகைத் தோல் புற்றுநோய் சுமார் ஐந்து சதவீதம் கூடலாம், அதாவது 100 பேருக்கு வரும் இடத்தில் 105 பேருக்கு வரலாம் என்ற புள்ளி அது. அதற்கு மேலே போகப் போக அபாயம் படிப்படியாகக் கூடும், கீழே வர வரக் குறையும். ஆகவே "இவ்வளவு சாப்பிட்டால் பிரச்சினையே இல்லை" என்று ஒரு கோடு கிழிக்க யாராலும் முடியவில்லை. குறைக்க முடிந்ததைக் குறைப்பதுதான் புத்தி.

கழுவுதல், வடித்தல், குக்கர்

இனி அடுப்படிக்கு வருவோம். முதலில் கழுவுதல். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் 2009இல் செய்த ஆய்வில், பாஸ்மதியை நன்றாகக் கழுவியபோது போன ஆர்சனிக் சுமார் 10 சதவீதம். மற்ற வகைகளில் அதுவும் இல்லை. இது ஏன் என்பது விளங்கக் கஷ்டமில்லை. கழுவும்போது போவது மேலே ஒட்டியிருக்கும் மாவும் தூசியும். ஆர்சனிக் இருப்பது தானியத்துக்கு உள்ளே. பச்சைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் அலசினால் உள்ளே இருப்பது வெளியே வராது. ஏழு தண்ணீரில் கழுவினாலும் கதை பெரிதாக மாறாது. கழுவ வேண்டாம் என்று சொல்லவில்லை. கழுவிவிட்டோம், கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

வேக வைக்கும்போதுதான் மாற்றம் நடக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் தானியம் ஊதி விரிய, உள்ளே இருக்கும் அசேதன ஆர்சனிக் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் அது போய்விடும். அந்தத் தண்ணீரையே அரிசி திரும்பக் குடித்துவிட்டால் அதுவும் திரும்ப உள்ளே போய்விடும். முழு விஷயமும் இவ்வளவுதான். அபர்டீன் ஆய்வில் ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு தண்ணீர் வைத்து வேகவைத்து வடித்தபோது அசேதன ஆர்சனிக் சுமார் 45 சதவீதம் குறைந்தது. கொல்கத்தா யாதவ்பூர் பல்கலைக்கழகத்தினர் 2006இல் எங்கள் பக்கத்துப் பழைய முறையையே சோதித்தார்கள். தெளியும்வரை கழுவி, ஆறு பங்கு தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியை வடிக்கும் முறை. ஆர்சனிக் இல்லாத நல்ல தண்ணீரில் சமைத்தபோது 57 சதவீதம் வரை போனது. அதே அரிசியை அளவுத் தண்ணீரில் வற்ற வைத்துச் சமைத்தபோது, கழுவியதால் போனதைத் தவிர வேறு எதுவும் போகவில்லை. அவர்களுடைய அரிசியில் கழுவுதலாலேயே 28 சதவீதம் போனது. அரிசிக்கு அரிசி இது மாறும் என்பதற்கு இதுவே சாட்சி. கழுவுதலை நம்பியிருக்க முடியாது என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

ஆச்சி உலை வைத்து, பானையைச் சரித்துக் கஞ்சி வடித்தது இந்த விஷயம் தெரிந்து அல்ல. ஆனால் அவர் செய்தது சரியாக வந்திருக்கிறது. ஜேர்மனிக்கு வந்து நாங்கள் ரைஸ் குக்கர் வாங்கினோம். ஒரு சுண்டு அரிசிக்கு இரண்டு சுண்டு தண்ணீர், பொத்தானை அழுத்தினால் சோறு. வேலைக்குப் போய் வருகிற வீட்டில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குக்கரில் தண்ணீர் வெளியே போக வழியில்லை, ஆர்சனிக்கும் வெளியே போகாது. ஜேர்மன்காரர் துளைப் பையில் போட்டு அவிக்கும் அரிசியைப் பார்த்து நாங்கள் சிரிப்பது உண்டு. நிறையத் தண்ணீரில் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிடுவதால் அந்த முறை இந்த விஷயத்தில் எங்கள் குக்கரை விட மேல்.

செய்முறை இதுதான். ஒரு சுண்டு அரிசிக்கு ஆறு சுண்டு தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கழுவிய அரிசியைப் போட்டு, மூடாமல், சோறு பதமாகும்வரை வேகவிடுங்கள். நிறையத் தண்ணீர் மிஞ்சி இருக்கும்போதே வடியுங்கள். ஆறு சுண்டில் தொடங்கி அதை வற்ற விட்டுவிட்டால் பிரயோசனம் இல்லை, வடியும் தண்ணீரோடுதான் அது போகும். வடித்த பிறகு மூடி ஐந்து நிமிடம் விட்டால் சோறு உதிரியாக வரும்.

சோறு குழைந்துவிடுகிறது என்பவர்களுக்கு இன்னொரு முறை இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தினர் சோதித்து வெளியிட்டது. ஒரு சுண்டு அரிசிக்கு நான்கு சுண்டு தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரிசியைப் போட்டு ஐந்து நிமிடம் மட்டும் அவியவிட்டு, அந்தத் தண்ணீரை முழுதாக ஊற்றிவிட வேண்டும். பிறகு இரண்டு சுண்டு புதுத் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் மூடி வற்ற வைக்க வேண்டும். இதில் வெள்ளை அரிசியில் 73 சதவீதமும் தீட்டாத அரிசியில் 54 சதவீதமும் அசேதன ஆர்சனிக் குறைந்தது. இரண்டாம் பாதியைக் குக்கரிலேயே செய்யலாம். வேலை கூடுவது பத்து நிமிடம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வடித்த கஞ்சியில் உப்பும் தேங்காய்ப்பாலும் விட்டுக் குடிப்பது எங்கள் பழக்கம். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கும் கொடுப்போம். அரிசியிலிருந்து போன ஆர்சனிக் அந்தக் கஞ்சியில்தான் இருக்கிறது. ஆர்சனிக்கைக் குறைக்க வேண்டும் என்று வடித்துவிட்டு அந்தக் கஞ்சியைக் குடித்தால் வடித்ததில் அர்த்தமில்லை. ஒருநாள் குடித்தால் ஒன்றும் ஆகாது. தினமும் குடிக்கும் பழக்கத்தை, முக்கியமாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழக்கத்தை, விட்டுவிடுவதே நல்லது.

இன்னொரு பக்கமும் உண்டு. தண்ணீரோடு பீ வகை விற்றமின்களும் கொஞ்சம் போய்விடும். அமெரிக்க உணவு நிர்வாகத்தின் ஆய்வில், சத்துச் சேர்த்த அரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தபோது அந்த விற்றமின்களிலும் இரும்பிலும் பாதிக்கு மேல் போனது. சோற்றைத் தவிர வேறொன்றும் சாப்பிட வழியில்லாதவருக்கு இது பெரிய இழப்பு. பருப்பு, முட்டை, மீன், கீரை, பால் எல்லாம் கிடைக்கிற ஜேர்மனியில் அதை மற்ற உணவால் ஈடுசெய்யலாம்.

சமைக்கும் தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. வங்காளதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் கிணற்றுத் தண்ணீரிலேயே ஆர்சனிக் இருக்கும் இடங்களில் நிறையத் தண்ணீரில் சமைத்தால் சோற்றில் ஆர்சனிக் கூடிவிடும். ஜேர்மனியில் குழாய்த் தண்ணீருக்கு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உச்ச வரம்பு, புதிய சட்டத்தில் அது படிப்படியாக 4 ஆகக் குறைகிறது. ஆகவே குழாய்த் தண்ணீரில் சமைப்பவர்கள் கவலைப்படத் தேவையில்லை. வீட்டுக்குச் சொந்தக் கிணறு வைத்திருப்பவர்கள் மட்டும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

வடிக்க முடியாத அரிசி

இங்கேதான் எங்கள் சாப்பாட்டுக்கென்று தனிச் சிக்கல் வருகிறது. வடிக்கலாம் என்று சொல்லும் ஐரோப்பிய ஆலோசனைகள் எல்லாம் சோற்றை நினைத்துச் சொல்லப்பட்டவை. புட்டையும் இடியப்பத்தையும் எப்படி வடிப்பது? மாவைக் குழைத்து நீராவியில் அவிக்கிறோம். மாவில் இருந்த ஆர்சனிக் முழுவதும் கோப்பைக்கு வருகிறது. அப்பம், தோசை, பால்புக்கை எல்லாம் இதே கணக்கு. சிவப்பரிசி மாவு தீட்டாத அரிசியில் அரைத்ததாக இருந்தால் தவிடும் அதிலேயே இருக்கும். தோசைக்கு அரிசி ஊறவைக்கும்போது ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரைத்தால் கொஞ்சம் குறையும். கடையில் வாங்கும் மாவுக்கு அந்த வழியும் இல்லை. வடிக்க முடியாத உணவுக்கு ஒரே வழி, தானியத்தை மாற்றுவது.

நான்கு வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். நிறை 16 கிலோ. அரிசியிலும் மாவிலும் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் என்றும், பொரியரிசி வட்டில் 200 என்றும் வைத்துக்கொள்வோம். எல்லாமே சட்ட அளவுக்குக் கீழே. காலையில் 40 கிராம் அரிசி மாவில் செய்த இடியப்பம்: 4 மைக்ரோகிராம். கிண்டர்கார்டனுக்குக் கட்டிக் கொடுக்கும் இரண்டு பொரியரிசி வட்டு, ஒன்று 8 கிராம்: 3.2 மைக்ரோகிராம். இரவு குக்கரில் வைத்த சோறு, 50 கிராம் அரிசி: 5 மைக்ரோகிராம். மொத்தம் 12.2. ஐரோப்பிய அதிகார சபையின் 0.06 என்ற அளவை 16 கிலோவுக்குப் பெருக்கினால் வருவது ஏறக்குறைய 1 மைக்ரோகிராம். பிள்ளைக்குப் போவது அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். இரவுச் சோற்று அரிசியைக் கழுவினோம்: 12.2 என்பது 11.7 ஆகிறது. அதே அரிசியை ஆறு பங்கு தண்ணீரில் வேகவைத்து வடித்தோம்: மொத்தம் சுமார் 10. பொரியரிசி வட்டுக்குப் பதிலாக ஒரு துண்டு பாணும் அப்பிளும் கொடுத்தோம்: 7க்குக் கீழே வந்துவிடுகிறது. காலை இடியப்பத்தைக் கோதுமை மாவில் செய்தோம், அல்லது குரக்கன் புட்டு, ஓட்ஸ் என்று கொடுத்தோம்: 3க்குக் கீழே. அந்தத் தானியங்களிலும் ஆர்சனிக் சிறிதளவு இருக்கும், ஆனால் அரிசியோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. பிள்ளை இரவில் சோறு சாப்பிடுவதை நாங்கள் நிறுத்தவேயில்லை, ஆனாலும் உள்ளே போவது கால்வாசியாகிவிட்டது.

இந்தக் கணக்கு வரிசையைக் காட்டிக் கொடுக்கிறது. அதிகம் குறைப்பது தானியத்தை மாற்றுவது. அடுத்தது வடிப்பது. கடைசியில் நிற்பது கழுவுவது. எங்கள் வீடுகளில் முக்கியத்துவம் கொடுக்கப்படுவதோ தலைகீழாக. கழுவுவதை எல்லோரும் செய்கிறோம், வடிப்பதைச் சிலர் செய்கிறோம், மாற்றுவதைச் சீனி வருத்தம் வந்த பிறகுதான் யோசிக்கிறோம்.

பேர்லினில் இயங்கும் ஜேர்மன் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2015இல் சொன்னதும் இதையே. அரிசிப் பொருட்களை அளவோடு உண்ணுங்கள், மற்றத் தானியங்களோடு மாற்றி மாற்றி உண்ணுங்கள், கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அரிசிப்பாலையும் அரிசிக் கூழையும் மட்டுமே கொடுத்து வளர்க்காதீர்கள் என்றது. பொரியரிசி வட்டில் அரிசியை விடக் கூடுதலாக ஆர்சனிக் இருப்பதையும் சுட்டிக்காட்டியது. சுவீடன் இன்னும் ஒரு படி மேலே போய், ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த வட்டைக் கொடுக்கவே வேண்டாம் என்று அதே வருடம் அறிவித்தது. எங்கள் பல வீடுகளில் பிள்ளைக்குப் பல்லு முளைத்தவுடன் கையில் கொடுப்பது அதைத்தான். சொக்கலேட்டை விட நல்லது என்று நினைத்துக் கொடுக்கிறோம்.

"அப்ப சிவப்பரிசியையும் விடச் சொல்லுறியளோ?" என்று கேட்பவர்கள் உண்டு. விடச் சொல்லவில்லை. நார்ச்சத்துக்காகவும் சீனி வருத்தத்துக்காகவும் சிவப்பரிசி சாப்பிடுபவர்கள், அதை அவித்து ஊற்றிச் சமைத்து, சில நாட்களில் குரக்கனும் முழுக்கோதுமையும் சேர்த்துக்கொண்டால் நார்ச்சத்தும் கிடைக்கும், ஆர்சனிக்கும் குறையும். வெள்ளை அரிசியில் எதை வாங்குவது என்றால், இந்தியா, பாகிஸ்தான் பாஸ்மதியில் பொதுவாகக் குறைவாக இருப்பதாகவே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பையில் இந்த அளவு அச்சிடப்பட்டிருக்காது, கண்ணால் பார்த்தும் தெரியாது. ஆகவே வகையையும் விளைந்த நாட்டையும் பார்த்துத்தான் வாங்க முடியும். ஒரே பையை வருடக்கணக்கில் வாங்காமல் மாற்றி வாங்குவதும் நல்லது.

கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் தேவை. குளூட்டன் இல்லாதது என்று கடையில் விற்கும் பாண், பிஸ்கட், பாஸ்தா பலவும் அரிசி மாவில் செய்தவை. அந்தப் பிள்ளைக்குக் குரக்கன், சோளம், பனிவரகு, உருளைக்கிழங்கு என்று மாற வேண்டும். ஹிர்ஸே என்ற பெயரில் ஜேர்மன் கடைகளில் விற்பது பனிவரகுதான். சோறு போலவே அவித்துக் கறியோடு சாப்பிடலாம்.

யார் என்ன செய்ய வேண்டும்?

வீட்டுக்குள் செய்யக்கூடியதைச் சொல்லிவிட்டேன். வெளியேயும் செய்ய வேண்டியது இருக்கிறது. இடர் மதிப்பீட்டு நிறுவனத்தின் ஆலோசனையைத் தேடிப் படிக்க ஜேர்மனோ ஆங்கிலமோ நன்றாகத் தெரிய வேண்டும். அதை அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியவர்களோ, வீட்டில் சமைக்கிற, அந்த மொழியில் அறிக்கை படிக்காத அம்மாக்களும் அம்மம்மாக்களும். சராசரி ஜேர்மன்காரருக்கு எழுதப்பட்ட ஆலோசனை, தினமும் அரிசி சாப்பிடுபவர்களுக்கென்று தனியாக எழுதப்பட வேண்டும். அது தமிழிலும், அரிசியை நம்பி வாழும் மற்றச் சமூகங்களின் மொழிகளிலும் வர வேண்டும் என்று நாங்கள்தான் கேட்க வேண்டும். அதுவரைக்கும் தமிழாலயங்கள் பெற்றோர் கூட்டமொன்றில் பத்து நிமிடம் ஒதுக்கலாம். இதைச் சொல்ல விஞ்ஞானி வரத் தேவையில்லை.

அரிசியும் மாவும் இறக்குமதி செய்யும் எங்கள் வர்த்தகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உச்ச அளவைக் கடைப்பிடிப்பது இறக்குமதி செய்பவரின் சட்டப் பொறுப்பு. ஆகவே கேட்கிற வாடிக்கையாளருக்கு ஆய்வு முடிவைக் காட்டலாம். எந்த நாட்டு அரிசியில் அரைத்த மாவு, தீட்டியதா தீட்டாததா என்பதைப் பையில் தெளிவாக எழுதலாம். அப்படி எழுதிய கடைக்கு நாங்கள் நாலு பேர் கூடத்தான் போவோம்.

சோறு எங்கள் சாப்பாடு, அதை யாரும் பறிக்கப் போவதில்லை. ஆனால் எங்கள் பெற்றோர் சாப்பிட்டதும் வெறும் வெள்ளைச் சோறு மட்டும் அல்ல. குரக்கனும் தினையும் சாமையும் ஒடியலும் மரவள்ளியும் அவர்கள் அடுப்படியில் இருந்தன, கஞ்சி வடிக்கும் பானையும் இருந்தது. இங்கே வசதி வந்ததும் அவற்றையெல்லாம் கைவிட்டு, மூன்று நேரமும் அரிசி, அதுவும் வற்ற வைத்த அரிசி என்று மாறியது நாங்கள்தான். இந்தக் கிழமை மூன்று காரியம் செய்து பாருங்கள். சோற்றை வடியுங்கள். மூன்று காலைச் சாப்பாட்டை அரிசியல்லாத மாவுக்கு மாற்றுங்கள். பிள்ளையின் பையிலிருந்து பொரியரிசி வட்டை எடுத்துவிட்டுப் பாணை வையுங்கள். வட்ஸ்அப்பில் அந்தத் தகவல் திரும்ப வரும்போது, பயப்படாமலும் சிரித்துத் தள்ளாமலும் கணக்கோடு பதில் எழுத உங்களால் முடியும்.